ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஓரிக்கையில் ஒரு சின்ன காரின் கணக்கு

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். ஒரு சின்ன கார் வாங்கி ஓட்டினா, ஒரு கிலோமீட்டருக்கு நிஜமா எவ்வளவு செலவாகுது?

யாரைக் கேட்டாலும் வர்ற பதில் பெட்ரோல் கணக்குதான். "லிட்டருக்கு 17 குடுக்குது ப்ரோ, பெட்ரோல் 101 ரூபா, அப்போ கிலோமீட்டருக்கு 6 ரூபா." அந்த 6 ரூபாய் சரியான எண்தான். ஆனா அது மொத்தச் செலவுல ஒரு துண்டு. வண்டியைக் கம்மியா ஓட்டுறவங்களுக்கு அது மூணுல ஒரு பங்கு கூட வராது.

என் சித்தி பையன் ஓரிக்கையில இருக்கான். ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. வாலாஜாபாத் வழியா ஒரு பக்கம் சுமாரா 35 கிலோமீட்டர். கம்பெனி பஸ் இலவசம், ஆனா காலையில ரொம்ப சீக்கிரம் கிளம்பணும். கையில 32,000 சம்பளம். அவன் கேட்டது ரெண்டு கேள்வி: "அண்ணா, கார் வாங்கலாமா? வாங்கினா பஸ்ஸை விட்டுட்டு தினமும் கார்லயே போயிடலாமா?" அவன் போட்டிருந்த கணக்கு, ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், 420 ரூபா பெட்ரோல். அதோட முடிச்சுட்டான். நாம அதை முழுசாப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல வண்டி விலை

1000 சிசிக்குள்ள ஒரு பெட்ரோல் கார்னு வச்சுக்கோங்க. எக்ஸ்-ஷோரூம் 6 லட்சம். தமிழ்நாட்டுல வாழ்நாள் வரியை ஒரே தடவையில கட்டிடறோம். இந்த விலைக்கு 13 சதவீதம், அதாவது 78,000. ரிஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாத்துக்கும் ஒரு 12,000 வைங்க. மொத்தம் 6,90,000.

இங்கே ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, தேய்மானத்தை எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து கணக்குப் போடாதீங்க. விற்கும்போது நீங்க கட்டின வரியை யாரும் தனியாத் திருப்பித் தரமாட்டாங்க, அதனால உங்க பாக்கெட்டிலிருந்து போன மொத்தத் தொகையிலிருந்துதான் ஆரம்பிக்கணும். ரெண்டாவது, ஷோரூம்ல சொல்ற ஆன்-ரோடு விலைக்குள்ள முதல் இன்ஷூரன்ஸும் இருக்கும். அதைக் கழிச்சுட்டு தனி வரியில எழுதுங்க. இல்லைன்னா ஒரே செலவு ரெண்டு தடவை விழும்.

அஞ்சு வருஷம் கழிச்சு விற்கிறோம். என்ன விலை போகும்? இதுக்கு இன்ஷூரன்ஸ் பாலிசியில இருக்கிற ஐடிவியைப் பார்க்காதீங்க. அது ஒரு நிலையான அட்டவணை. நாலு வருஷம் தாண்டி அஞ்சு முடியாத வண்டின்னா 50 சதவீதம் கழிப்பாங்க, உங்க வண்டி எப்படி இருந்தாலும் அதேதான். அதுக்குப் பதிலா அதே மாடல், அஞ்சு வருஷம் பழசு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடின வண்டிகள் இப்போ என்ன விலைக்கு விளம்பரத்துல இருக்குன்னு பாருங்க. அது கேட்கிற விலை. டீலர் உங்க கையில குடுக்கிறது அதைவிடக் கம்மி, ஒரு 10 சதவீதம் குறைச்சுக்கோங்க. வருஷம் 6,000 கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு 3,60,000 கிடைக்கும்னு எடுத்துக்கறேன்.

அப்போ தேய்மானம் 3,30,000. ஓடினது மொத்தம் 30,000 கிலோமீட்டர். வகுத்தா கிலோமீட்டருக்கு 11 ரூபாய். பெட்ரோலை விட ரெண்டு மடங்கு பக்கம்! இதுக்கு மாசாமாசம் பில் வராது. அதனாலதான் கண்ணுல படறதில்லை.

மத்த மூணு செலவு

இன்ஷூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி ஒரே தடவையில எடுக்கணும். 1000 சிசிக்குள்ள 6,521 ரூபாய், மேல ஜிஎஸ்டி. அதோட நம்ம வண்டிக்கான ஓன் டேமேஜ் கவர். முதல் வருஷம் 25,000 பக்கம், அப்புறம் வருஷத்துக்கு 9,000 பக்கம்னு வச்சா அஞ்சு வருஷத்துக்கு சுமார் 60,000. வண்டி வாசல்லயே நின்னாலும் இது போகும்.

சர்வீஸ். புக்குல என்ன போட்டிருக்கும்? 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அது. நம்ம ஆள் வருஷம் 6,000தான் ஓட்டறான். ஆனாலும் வருஷம் ஒரு சர்வீஸ் உண்டு. ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து சராசரியா 6,000, அஞ்சு தடவைக்கு 30,000. நடுவுல ஒரு பேட்டரி, டயர் தேய்ஞ்ச பங்கு, சில்லறை வேலைக்கு 18,000. மொத்தம் 48,000.

பெட்ரோல். கம்பெனி சொல்ற மைலேஜை எடுக்காதீங்க. டேங்கை ஆட்டோ கட் வர்ற வரைக்கும் நிரப்பி ஓடோமீட்டரைக் குறிச்சுக்கோங்க. ஓட்டிட்டு அதே பங்க்ல திரும்ப ஆட்டோ கட் வரைக்கும் நிரப்புங்க. ஓடின கிலோமீட்டரை ரெண்டாவது தடவை போட்ட லிட்டரால வகுங்க. இதை நாலு தடவை பண்ணி சராசரி எடுங்க. ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் கடைத்தெரு வரைக்கும் மட்டும் போய் வந்தா இன்ஜின் சூடாகுறதுக்குள்ள வண்டியை நிறுத்திடுவீங்க, அதுல மைலேஜ் நல்லாவே விழும். கலந்து ஓட்டினா 17னு வச்சா, 30,000 கிலோமீட்டருக்கு 1,80,000.

இப்போ கூட்டுங்க. தேய்மானம் 3,30,000, இன்ஷூரன்ஸ் 60,000, சர்வீஸ் 48,000, பெட்ரோல் 1,80,000. ஆக 6,18,000. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 60 காசு. அவன் நினைச்சது 6.

இதுல வட்டியைச் சேர்க்கலை. வண்டியில சராசரியா 5,25,000 ரூபாய் முடங்கிக் கிடக்கு. பேங்க்ல 6.5 சதவீதம்னா வருஷம் 34,000. கிலோமீட்டருக்கு இன்னொரு 5 ரூபாய் 70 காசு. லோன்ல வாங்கினா, நீங்க கட்டுற வட்டியை அந்த இடத்துல போடுங்க.

தினமும் ஓட்டினா?

இப்போ ரெண்டாவது கேள்வி. பஸ்ஸை விட்டுட்டு வருஷம் 240 நாள், தினம் 70 கிலோமீட்டர். அது 16,800. பழைய 6,000-ஐயும் சேர்த்தா வருஷம் 22,800, அஞ்சு வருஷத்துல 1,14,000 கிலோமீட்டர்.

மீட்டர்ல இவ்வளவு காட்டினா வாங்கறவர் விலையைக் குறைப்பார். 2,50,000னு வைங்க, தேய்மானம் 4,40,000 ஆயிடும். இன்ஷூரன்ஸ் அதே 60,000. இப்போ சர்வீஸ் கிலோமீட்டர் கணக்குல வரும், 11 தடவை. டயர் ரெண்டு செட், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் சேர்த்து 1,23,000. பெட்ரோல் 6,84,000. மொத்தம் 13,07,000. கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 50 காசு.

"பார்த்தீங்களா, நிறைய ஓட்டினா சீப்!" அப்படின்னு தம்பி உடனே சொன்னான். இங்கேதான் நிறைய பேர் வழுக்கறாங்க. கிலோமீட்டர் ரேட் பாதியாச்சு, ஆனா அஞ்சு வருஷத்துல போன காசு ரெண்டு மடங்குக்கு மேல.

அப்போ எந்த எண்ணை நம்பறது? ரெண்டு மொத்தத்தையும் கழிச்சுப் பாருங்க. 13,07,000-லிருந்து 6,18,000 போனா 6,89,000. கூடுதலா ஓடினது 84,000 கிலோமீட்டர். வகுத்தா 8 ரூபாய் 20 காசு. கார் ஏற்கெனவே வாசல்ல நிக்குதுன்னா, இன்னொரு கிலோமீட்டர் ஓட்ட ஆகுற செலவு இதுதான். பெட்ரோலோட டயர் தேயுது, சர்வீஸ் சீக்கிரம் வருது, விற்கிற விலை இறங்குது, எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

இதை வச்சு தம்பியோட ஆபீஸ் பயணத்தைப் பார்த்தா, ஒரு நாளைக்கு 420 இல்லை, 574 ரூபாய். மாசத்துக்கு சராசரியா 11,500. சம்பளம் 32,000, பஸ் இலவசம். சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல குடுத்து காலையில கொஞ்சம் கூடுதல் தூக்கத்தை வாங்குறோம். அந்த எண்ணைப் பார்த்ததும் பஸ் பாஸை அவன் பத்திரமா உள்ளே வச்சுக்கிட்டான்.

சரி, கார் வாங்கலாமா?

இதுக்கு 8 ரூபாயைப் பார்க்கக்கூடாது. வாங்கலாமா வேண்டாமாங்கிற கேள்விக்கு நிரந்தரச் செலவுதான் முக்கியம். 6,000 கிலோமீட்டர் ஓட்டுற வருஷத்துல மொத்தச் செலவு 1,23,600. அதுல ஓடுறதுக்கான 49,200 போக, சும்மா வச்சிருக்கிறதுக்கே 74,000 ஆகுது.

வாடகைக் காருக்கு டிரைவர் பேட்டா சேர்த்து கிலோமீட்டருக்கு 18 ரூபாய்னு வைங்க. உங்க ஊர் டிராவல்ஸ்ல கேட்டு அந்த எண்ணை மாத்திக்கோங்க. சொந்த காருக்கு 8.20. ஒவ்வொரு கிலோமீட்டர்லயும் 9 ரூபாய் 80 காசு மிச்சம். 74,000-ஐ அதால வகுத்தா 7,500. வருஷத்துக்கு அதுக்கு மேல ஓட்டினாத்தான் சொந்த கார் லாபம். வட்டியையும் சேர்த்தா அந்தக் கோடு 11,000-க்குப் போயிடும்.

ஆனா இந்த ஒப்பீட்டுக்கும் எல்லை உண்டு. வெளியூர் வாடகைக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்னு குறைஞ்சபட்சம் போடுவாங்க. உத்திரமேரூர் வரைக்கும் போய் வந்தாலும் அந்தக் காசு குடுக்கணும். ராத்திரி திடீர்னு ஆஸ்பத்திரிக்குன்னா உடனே வண்டி கிடைக்குமாங்கிறதும் சந்தேகம். உங்க 6,000 கிலோமீட்டர்ல சின்னச் சின்னப் பயணம் நிறையன்னா 18 ரூபாய் கணக்கு பொருந்தாது, போன மாசம் போன இடங்களை எழுதி ஒவ்வொண்ணுக்கும் ஆட்டோ, வாடகைன்னு நிஜமான கூலியைப் போட்டுப் பாருங்க.

தேய்மானத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கு. அதே காரை அஞ்சு வருஷம் பழசா 4 லட்சத்துக்கு வாங்கி, இன்னொரு அஞ்சு வருஷம் ஓட்டி 1,90,000-க்கு வித்தா தேய்மானம் 11 ரூபாயிலிருந்து 7-க்கு இறங்கும். ரிப்பேருக்குக் கூடுதலா 50,000 ஒதுக்கினாலும் 20.60 இருந்த இடத்துல 18.30 பக்கம் வரும். பெரிய ரிப்பேர் ஒண்ணு வந்தா இந்த லாபம் அப்படியே கரைஞ்சிடும், அதனால தெரிஞ்ச மெக்கானிக் பார்க்காம வாங்காதீங்க.

இந்தக் கணக்குலயே ரொம்ப ஆடக்கூடிய எண் விற்கிற விலைதான். 2025 செப்டம்பர் 22-ல சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக் குறைஞ்சது. புதுக் கார் விலை இறங்கினா, பழசுக்கு யார் பழைய விலை குடுப்பாங்க? பெட்ரோல் லிட்டருக்கு 5 ரூபாய் ஏறினா கிலோமீட்டருக்கு 30 காசுதான் கூடும். விற்கிற விலை 60,000 குறைஞ்சா, 6,000 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 2 ரூபாய் கூடும். அதனால உங்க கணக்கைப் போடும்போது விற்கிற விலைக்கு மட்டும் ரெண்டு எண் வச்சு, நல்லது ஒண்ணு, மோசமானது ஒண்ணுன்னு ரெண்டு தடவை போடுங்க. மோசமான கணக்குலயும் உங்க சம்பளம் தாங்கினா ஷோரூமுக்குப் போங்க.

தம்பி இன்னும் முடிவு பண்ணலை. இப்போதைக்கு ஒரு நோட்டுல மூணு மாசத்துக்கு எங்கெங்க போறான், எத்தனை கிலோமீட்டர்னு எழுதிட்டு இருக்கான். நீங்களும் எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.