தூக்கம் குறைந்தால் மூட்டுவலி கூடும்



பாரோய் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இன்று முழங்காலும் இடுப்பும் வலிக்கின்றன. வலியால் தூக்கம் கெடுகிறது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்டாலும் வலி கூடும். சரியாகத் தூங்காவிட்டால், வலியை அடக்கும் மூளையின் திறன் மறுநாள் குறைகிறது. மூட்டுத் தேய்மானம் நேற்றைய அளவுதான். வலி மட்டும் அதிகமாகத் தெரிகிறது.

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் 2 மணி நேரம் தூங்குகிறார். இரவு 8 மணிக்குத் தூங்கி 1 மணிக்கு விழிக்கிறார். ஆக மொத்தம் 7 மணி நேரம்; உடலுக்கு வேண்டிய தூக்கம் அதிலேயே முடிந்துவிட்டது. பிறகு விடியும்வரை வலியோடு புரள்கிறார். மறுநாள் அசதி, மீண்டும் பகல் தூக்கம்.

இதை மாற்ற, பகல் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு, 3 மணிக்குள் முடியுங்கள். மதியத்துக்குப் பின் கோப்பி, தேநீர் வேண்டாம். இரவு 10 மணிக்குப் படுங்கள். எப்படித் தூங்கியிருந்தாலும் தினமும் காலை 5 மணிக்கு எழுங்கள். இடையில் விழித்து 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால், சிறு விளக்கைப் போட்டு, மெல்ல எழுந்து நாற்காலியில் அமருங்கள். கண் சொக்கியதும் படுங்கள்.

முதல் வாரம் களைப்பாக இருக்கும். சில வாரங்களில் தூக்கம் சீராகும். வலி முழுதும் போகாவிட்டாலும் தணியக்கூடும். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ, குறட்டைக்கு இடையே மூச்சு நின்றாலோ கிளினிக்கில் காட்டுங்கள்.