கதை எங்கே முடியுது, பாடம் எங்கே ஆரம்பிக்குது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த சில வரிகள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

நான் ஆவடிக்காரி. பல வருஷம் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், இப்போ கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துலேர்ந்து வர்ற பி.எஸ்சி நர்சிங் பிள்ளைங்க எழுதுற ரிஃப்ளெக்டிவ் கட்டுரைகளைத் திருத்துறது என் வேலையில ஒரு பாதி. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம். நடந்தது, அதை அலசுறது, கத்துக்கிட்டது. இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு குழம்பாம எப்படி எழுதுறது?

மத்தவங்க கட்டுரையைச் சொன்னா நியாயமில்ல. என்னோட முதல் கட்டுரையையே எடுத்துக்கறேன். நோயாளியை யாரும் அடையாளம் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். நீங்களும் கட்டுரையில அதைத்தான் செய்யணும். பேர், பெட் நம்பர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் வேண்டாம். ‘வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு பெண்’ என்றாலே போதும்.

அன்னைக்கு நடந்தது

சாயங்காலம் 6 மணி ரவுண்ட். அந்த அம்மாவுக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் போயிட்டிருந்தது. மானிட்டர்ல ஆக்சிஜன் அளவு 95, நாடித்துடிப்பு 104. மூச்சு எண்ணிக்கையை மட்டும் மெஷின் காட்டல. சார்ட்டைப் பார்த்தேன். காலையில 20, மதியம் 20. நானும் 20ன்னு எழுதிட்டுப் போயிட்டேன். எண்ணவே இல்ல. ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு சீனியர் சிஸ்டர் வந்து, முழுசா ஒரு நிமிஷம் நின்னு எண்ணினாங்க. 28. டாக்டரைக் கூப்பிட்டாங்க. வலி தாங்காம அந்த அம்மா ஆழமா மூச்சு விடல. நுரையீரலோட அடிப்பகுதி சரியா விரியல. வலி மருந்து, மூச்சுப் பயிற்சின்னு போய் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க.

இதை நான் 1,000 வார்த்தையில எழுதினேன். 700 வார்த்தை கதை. 200 வார்த்தை ‘நான் எவ்வளவு அலட்சியமானவள்’னு அழுகை. மிச்சம் 100ல ‘இனிமேல் கவனமாக இருப்பேன்’. மேடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து ஒரே கேள்விதான் கேட்டாங்க: “ஏன் எண்ணலன்னு இதுல எங்கம்மா இருக்கு?”

மூணு கேள்வி, மூணு பெட்டி

கிப்ஸ் 1988ல சொன்ன ஆறு படிச் சுழற்சி உங்க பாடத்துல இருக்கும். அது நல்ல முறைதான். ஆனா முதல் தடவை எழுதுறவங்க ஆறு தலைப்புலயும் ஒரே கதையை ஆறு தடவை சொல்லிடுறாங்க. அதனால டிரிஸ்கால் நர்சிங்குக்குக் கொண்டுவந்த மூணு கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்வேன். என்ன? அதனால என்ன? இனி என்ன?

‘என்ன’ பெட்டியில கேமராவுல பதிவாகக்கூடியது மட்டும் வரணும். ‘மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதினேன்’ என்பது நடந்தது. ‘அலட்சியமாக எழுதினேன்’ என்பது தீர்ப்பு. அந்த ஒரு வார்த்தையால அலசல் வேலை நடக்காமலே நடந்த மாதிரி தோணிடும். அப்போ வந்த உணர்ச்சியை எழுதலாம், ‘28 என்று கேட்டதும் கை நடுங்கியது’ன்னு ஒரு வரியில. அந்த உணர்ச்சி சரியா தப்பான்னு இங்க பேச வேண்டாம்.

‘அதனால என்ன’ பெட்டியில புதுச் சம்பவம் எதுவும் நுழையக் கூடாது. முதல் பெட்டியில இருக்குற ஒவ்வொரு விவரத்தையும் எடுத்து ‘ஏன்’னு கேளுங்க. நான் ரெண்டாவது தடவை எழுதினப்போ வந்தது இது. ஒண்ணு, மெஷின் காட்டினதை மட்டும் நம்பினேன். 95ஐப் பார்த்து நிம்மதியாயிட்டேன். ஆனா அந்த 95 ஆக்சிஜன் கொடுத்து வந்தது. உடம்பு மூச்சை வேகப்படுத்திச் சமாளிக்கும்போது, ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரம் நல்லாவே தெரியும். ரெண்டு, முந்தின 20களைப் பார்த்ததும் என் மனசு ஏற்கனவே பதிலை முடிவு பண்ணிடுச்சு. மூணு, 28க்கு என்ன அர்த்தம்னு அப்போ தெரியல. பிரிட்டன்ல பயன்படுத்துற நியூஸ் 2 மதிப்பெண் முறையில மூச்சு எண்ணிக்கை 25ஓ அதுக்கு மேலயோ போனா, அது ஒண்ணுக்கே 3 மதிப்பெண். அந்த ஒண்ணு போதும், நோயாளியை உடனே வந்து பார்க்கச் சொல்ல.

கவனிச்சீங்களா? ‘நான் கெட்டவள்’ இதுல எங்கயும் இல்ல. காரணம் கிடைச்சதும் அழுகைக்கு இடமே இல்லாம போச்சு.

‘இனி என்ன’ பெட்டியில அலசல்ல வந்த காரணத்துக்குப் பதிலா ஒரு செயல் இருக்கணும். ‘கவனமாக இருப்பேன்’னு எழுதினா, இருந்தீங்களா இல்லையான்னு யாராலயும் பார்க்க முடியாது. ‘நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்தபடியே முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவேன்’ என்பதைப் பார்க்க முடியும். எண்ணுறது தெரிஞ்சா நோயாளி மூச்சை மாத்திடுவாங்க, அதுக்குத்தான் மணிக்கட்டு. ‘எண்ணி முடித்த பிறகே பழைய எண்ணைப் பார்ப்பேன்.’ ‘ஆக்சிஜன் அளவை எழுதும்போது எத்தனை லிட்டரில் என்பதையும் சேர்த்து எழுதுவேன்.’ ‘25ஐத் தாண்டினால் சார்ட்டோடு நிற்காமல் சீனியரிடம் சொல்வேன்.’

எவ்வளவு எழுதுறது?

1,000 வார்த்தைன்னா என் கணக்கு இப்படி. முன்னுரை 80, நடந்தது 250, அலசல் 420, கத்துக்கிட்டது 180, முடிவுரை 70. இது சட்டம் இல்ல. உங்க காலேஜ் மதிப்பெண் அட்டவணை வேற மாதிரி இருந்தா அதைத்தான் பின்பற்றணும். ஆனா நடந்தது அலசலை விடப் பெருசா இருந்தா ஏதோ தப்புன்னு வச்சுக்கோங்க.

எதை வெட்டுறதுன்னு தெரியலையா? கட்டுரையைப் பின்னாடியிலேர்ந்து படிங்க. கத்துக்கிட்ட ஒவ்வொரு வரிக்கும் அலசல்ல ஒரு காரணம் இருக்கா? அந்தக் காரணத்துக்கு முதல் பெட்டியில ஒரு விவரம் இருக்கா? இருந்தா பென்சில்ல கோடு போட்டு இணைங்க. கடைசியில கோடு எதுவும் தொடாத விவரங்களை எடுத்துடலாம். என் கட்டுரையில வார்டு ஜன்னல், மழை, அந்த அம்மாவோட பேத்தி எல்லாம் இப்படித்தான் போச்சு. பேத்தியை விட மனசே வரல. ஆனா போகத்தான் வேணும். அதே மாதிரி, கோடு எங்கயும் சேராத பாடம் ஒண்ணு இருந்தா, அது புத்தகத்துலேர்ந்து வந்தது, உங்க அனுபவத்துலேர்ந்து இல்ல. என் முதல் கட்டுரையில ‘கை கழுவுதல் முக்கியம்’னு ஒரு வரி இருந்தது. அன்னைக்கு நடந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இது காலேஜோட முடியுற வேலையும் இல்ல. பிரிட்டன் போற நம்ம ஊர் நர்ஸ்கள், அங்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கும்போது என்எம்சிக்காக இப்படி 5 குறிப்பு எழுதணும். அந்தப் படிவமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்குது: என்ன கத்துக்கிட்டீங்க, அதனால உங்க வேலையில எதை மாத்தினீங்க?

அடுத்த போஸ்டிங்ல ஏதாவது ஒண்ணு மனசுல உறுத்துச்சுன்னா, ஆவடி ட்ரெயின் ஏறின உடனே போன்ல நடந்ததை மட்டும் ஐந்து வரி எழுதி வைங்க. தீர்ப்பு வேண்டாம். ‘ஏன்’ கேக்குறதை மறுநாளுக்கு வச்சுக்கலாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.