இல்லாத இரத்தப்போக்கும் ஓயாத இதயமும்

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அதனால் உந்தித்தர முடியாத நிலையே அது. அம்மாபேட்டையில் தறியோட்டும் ஒருவருக்கு மாரடைப்பு வந்து இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போக, துடிப்புதோறும் இடது கீழறையிலிருந்து பாதிக்கு மேல் வெளியேற வேண்டிய இரத்தத்தில் 30 விழுக்காடே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் அந்தக் குறைவை மட்டுமே அறியும். காரணம் பழுதுபட்ட தசையா, வெட்டுக்காயமா என்று பிரித்தறிய அவற்றுக்கு வழியில்லை.

ஆகவே உடல் இரத்தம் இழந்தவரைக் காப்பதுபோலவே நடந்துகொள்கிறது. பரிவு நரம்பு மண்டலம் நார்அட்ரினலினைச் சுரந்து நாடியை விரைவாக்குகிறது; சிறுநீரகம் ரெனினை வெளியிட, அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்கி, ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைக் கொண்டு உப்பையும் நீரையும் தேக்குகிறது. முதல் சில நாள்களில் இது உயிர்காக்கும் உதவிதான். இரத்த அழுத்தம் விழாமல் நிற்கிறது.

ஆனால் காயம் ஆறிவிடும், செத்த தசையோ மீளாது. எனவே நெருக்கடிக்கென்று வந்த ஏற்பாடு மாதக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. சுருங்கிய குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கிறது. நாடி விரைவதால், இதயத் தசை தன் இரத்தத்தைப் பெறும் தளர்வு நேரம் குறுகுகிறது. தேங்கிய நீர் நுரையீரலிலும் காலிலும் இறங்க, முழந்தாளுக்குக் கீழே எலும்பின்மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறது. இவற்றைவிடக் கொடியது, நார்அட்ரினலினும் ஆஞ்சியோடென்சினும் தசைச் செல்களுக்கு நேரே நஞ்சாகி, நார்த்திசுவைப் பெருக்கி, அறையை விரிந்து தொங்கச்செய்வதாகும்.

வலுவிழந்த இதயத்தை மேலும் முடுக்கினால் போதும் என்று மருத்துவ உலகமும் நெடுநாள் நம்பியது. அது இயல்பான பிழைதான். துடிப்பின் வேகத்தைக் கூட்டாமல் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்தை 1975இல் ஸ்வீடனின் கோட்டன்பர்க்கில் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்து நலம் கண்டதாக வாக்ஸ்டைன் குழுவினர் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. 1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கும் எனலாப்ரில் பெற்ற கடும் நோயாளிகளில் ஆறு மாதத்தில் 26 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றோரில் 44 விழுக்காட்டினரும் இறந்தனர்.

பீட்டா தடுப்பு மருந்தில் ஒரு நுட்பம் உண்டு: இதயம் நார்அட்ரினலினின் முடுக்கத்தையே நம்பி நிற்பதால், நுரையீரலில் நீர் தேங்கியிருக்கும்போது தொடங்கினால் நோய் முற்றும். நீர் வடிந்தபின் கார்வெடிலால் 3.125 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, இரு வாரத்துக்கொருமுறை இரட்டிப்பாக்குவர்; முதலில் களைப்பு கூடலாம், பயன் தெரிய மாதங்கள் ஆகும். இடையே தானாக நிறுத்தினால் தடுக்கப்பட்டிருந்த சுரப்பு திடீரென்று தாக்கும். இவ்வளவு அறிந்தபின்னும், திருவனந்தபுரத்தில் 18 மருத்துவமனைகளில் 1,205 நோயாளிகளை 2013இல் பதிவுசெய்த ஆய்வில், இடது கீழறையின் சுருங்குதிறன் குறைந்திருந்தோரில் வீடு திரும்பும்போது வழிகாட்டுதலின்படி முழு மருந்துச் சேர்க்கை பெற்றிருந்தவர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே.