இடைநிலை அளவும் உடன்பட்டோர் விழுக்காடும்

கீரனூரில் கூடியுள்ள நம்மில் பலர் பெற்றோரிடம் கருத்துப் படிவம் வாங்கியிருப்போம். "மாலை வகுப்பு நேரம் எங்களுக்கு ஒத்துவருகிறது" என்ற கூற்றுக்கு, முழுதும் உடன்பட்டால் 5, உடன்பட்டால் 4, நடுநிலை என்றால் 3, மறுத்தால் 2, முற்றிலும் மறுத்தால் 1 என்று குறிக்கிறார்கள். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வெளியிட்ட முறை இது. இந்த எண்கள் வரிசையை மட்டுமே காட்டுகின்றன. 4க்கும் 5க்கும் உள்ள இடைவெளி 2க்கும் 3க்கும் உள்ளதற்குச் சமம் என்று சொல்ல முடியாது. எனவே கூட்டுச் சராசரியைவிட இடைநிலை அளவு பொருத்தமானது.

அதுவும் தனியே போதாது. 25 பெற்றோர் என்று வைத்துக்கொள்வோம். விடைகளை வரிசைப்படுத்தினால் 13ஆவது விடையே இடைநிலை அளவு. 13 பேர் 4, 12 பேர் 2 என்றாலும் அது 4தான். 23 பேர் 4, இருவர் 2 என்றாலும் 4தான். உடன்பட்டோரோ முன்னதில் 52 விழுக்காடு, பின்னதில் 92. முன்னதில் ஒரே ஒருவர் 4ஐ 2ஆக மாற்றினால் இடைநிலை அளவு 2க்கு இறங்கிவிடும். விழுக்காடு 48 ஆகும், அவ்வளவே.

வகுப்புகளைச் சேர்க்கும்போது இன்னொரு பிழை நேர்கிறது. ஆறாம் வகுப்பில் 10 பேரில் 9 பேர் உடன்பட்டால் 90 விழுக்காடு. ஏழாம் வகுப்பில் 40 பேரில் 20 பேர் என்றால் 50. இரண்டின் சராசரி 70. உண்மையில் 50 பேரில் 29 பேர், அதாவது 58 விழுக்காடுதான். இடைநிலை அளவுகளையும் சராசரி எடுக்கக் கூடாது. எல்லா விடைகளையும் ஒன்றாக வரிசைப்படுத்தியே காண வேண்டும். விடை எழுதாத கட்டத்தை 3 என்றோ 0 என்றோ கொள்ளாமல் தனியே எண்ணுங்கள்.

அறிக்கையில் ஐந்து விடைகளுக்கும் உரிய எண்ணிக்கையை முதலில் எழுதுங்கள். மாலை வகுப்பு ஒத்துவராது என்ற அந்த 12 வீடுகள் அங்கேதான் கண்ணில் படும்.