கை தூக்கினால் ஒன்று

வடமதுரையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். ஓர் எண்ணை இருநிலையில் எழுதினால் அதில் எத்தனை ஒன்று இருக்கும்? அந்த எண் இரண்டின் அடுக்கா? பிட் கணக்கு வரும் தேர்வுகளில் இந்த இரண்டும் பழகிய கேள்விகள். இரண்டையும் ஒரே உத்தியில் முடித்துவிடலாம்.

இதை நான் பலகையில் தொடங்குவதில்லை. ஆறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவேன். கை தூக்கினால் ஒன்று, இறக்கினால் சுழியம். எண் 44 என்றால் 101100. வலது ஓரத்தில் இரண்டு பேர் கை கீழே இருக்கிறது. "இப்போது ஒன்றைக் கழியுங்கள்" என்பேன். ஓரத்தில் இருப்பவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை, பக்கத்தில் கடன் கேட்பான். அவனிடமும் இல்லை. மூன்றாமவன்தான் கையை இறக்குவான், இந்த இருவர் கையும் மேலே போகும். 101011, அதாவது 43. அதற்கு இடப்பக்கம் நிற்கும் மூவரும் அசையவே இல்லை, கவனித்தீர்களா? வீட்டில் கேட்பவர்கள் விரலை நீட்டி மடக்கிப் பாருங்கள்.

இப்போது 44-ஐயும் 43-ஐயும் 'அண்ட்' செய்யுங்கள். இரண்டிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மட்டுமே ஒன்று நிற்கும். கிடைப்பது 101000, அதாவது 40. வலது கோடியில் இருந்த ஒன்று மட்டும் காணாமல் போயிற்று. 40-ஐ 39-உடன் செய்தால் 32. 32-ஐ 31-உடன் செய்தால் சுழியம். மூன்று சுற்று, ஆக மூன்று ஒன்று. 32 பிட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகள் இதைக் கெர்னிகன் முறை என்பார்கள். அவரும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் 1988 பதிப்பில் இது ஒரு பயிற்சிக் கணக்கு. ஆனால் பீட்டர் வெக்னர் 1960-லேயே இதை வெளியிட்டுவிட்டார்.

இரண்டின் அடுக்கில் ஒரே ஒரு ஒன்றுதான் இருக்கும். அதனால் ஒரே சுற்றில் சுழியம் வந்தால் போதும். எழுதிக்கொள்ளுங்கள்:

```
n > 0 && (n & (n - 1)) == 0
```

முன்னால் இருக்கும் `n > 0` எதற்கு? சுழியத்தைப் போட்டாலும் விடை சுழியமே வரும், சுழியமும் இரண்டின் அடுக்கு என்று ஆகிவிடும். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். அடுத்த இடம் அந்த வெளி அடைப்புக்குறி. சி++ மொழி `==` அடையாளத்தை `&`-க்கு முன்னால் பார்க்கும். அடைப்பை விட்டுவிட்டால் 8, 16 எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் பதில் வரும், 1 மட்டும் தப்பும். பைத்தானில் வரிசை நேர்மாறு, `&&`-க்குப் பதில் `and` எழுதினால் அடைப்பு இல்லாமலும் சரியாகவே ஓடும். நம் பிள்ளைகள் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் படிக்கிறார்கள். ஒன்றின் பழக்கம் மற்றதில் ஒட்டிக்கொள்வதை விடைத்தாளில் அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. அடுத்த தேர்வில் சுழியத்தையும் அந்த அடைப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தாளைக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.