பரோட்டா மாவு ஊறும் நேரம்

பரோட்டாக் கடையில் இரவு 8 மணிக் கூட்டத்தைச் சமாளிக்கும் வேலை, மாலை 5 மணிக்கு மாவு பிசையும்போதே தொடங்கிவிடுகிறது.

10 கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் எண்ணெய். 80 கிராம் உருண்டையாகப் பிடித்தால் சுமார் 200 பரோட்டா வரும்.

பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடிவைப்பார்கள். பிறகு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஒரு மணி நேரமாவது ஊறவிடுவார்கள். பிசையும்போது முறுக்கேறிய மாவு அதற்குள் தளர்ந்துவிடும். ஊறாத உருண்டையை விரலால் அமுக்கினால் குழி உடனே மேலெழும்பும். வீசினால் சுருங்கும், கிழியும். சூடான அடுப்படியில் அளவுக்கு மீறி ஊறினாலோ மாவு இளகிக் கையில் ஒட்டும்.

அதனால் மொத்த மாவையும் ஒரே நேரத்தில் பிசையக் கூடாது. 5 மணிக்கு ஒரு பங்கு, 6 மணிக்கு ஒரு பங்கு, 7 மணிக்கு ஒரு பங்கு என்று பிசைந்தால், கூட்டம் முடியும்வரை பதமான உருண்டை கைக்கு வந்துகொண்டே இருக்கும். வீசிச் சுருட்டியதையும் பத்து நிமிடம் விட்டுத் தட்டினால்தான் கல்லில் வட்டம் சுருங்காமல் நிற்கும்.