மாணவர்ச் சலுகையின் கணக்கு



மாணவர் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டினால் திரையரங்கில் நுழைவுச்சீட்டின் விலை குறைகிறது. சில அடி தள்ளிச் சோளப்பொரி வாங்கும்போது பெரும்பாலும் அவ்வட்டைக்குப் பயனில்லை. சலுகைக்குக் காரணம் பரிவுதான் என்றால், அப்பரிவு சோளப்பொரி முகப்பில் மறைவதேன்?

ஒரே பொருளை, ஆக்கச் செலவில் வேறுபாடு இல்லாதபோதும், வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பொருளியலார் 'விலைப் பாகுபாடு' என்பர். அது நடைபெற மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

முதலாவது, விற்பவர்க்கு விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் வேண்டும். எதிரே இன்னொரு திரையரங்கு அதே படத்தை அனைவர்க்கும் குறைந்த விலையில் காட்டினால், கூடுதல் விலை கேட்கப்படுவோர் அங்கே சென்றுவிடுவர்.

இரண்டாவது, அதிகம் தரக்கூடியவரைப் பிரித்தறிய வழி வேண்டும். திரையரங்குக்கு மாணவர் அட்டை உதவுகிறது. விமான நிறுவனமோ பயணியின் நோக்கத்தைக் கேட்க இயலாது. ஆதலால் காலத்தைக் கருவியாக்குகிறது. விடுமுறைப் பயணி முன்கூட்டியே திட்டமிடுவார். அலுவல் பயணி கடைசி நேரத்தில் வாங்குவார்.

மூன்றாவது, மலிவாக வாங்கியவர் பிறர்க்கு மாற்றித்தர இயலாதிருக்க வேண்டும். விமானச் சீட்டில் பெயர் இருக்கிறது. அது கடப்பிதழோடு பொருந்த வேண்டும். மாணவர்ச் சீட்டை வாயிலில் சோதிக்கலாம். சோளப்பொரியை யார் உண்கிறார் என்று இருட்டில் யார் காண்பார்? ஒரு மாணவரே குடும்பத்தினர் அனைவர்க்கும் வாங்கிவிடுவார். முதற்கேள்விக்கு விடை இதுவே.

இனி, சலுகையால் யாருக்கு நன்மை? 200 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கைக் கற்பனை செய்வோம். பணிபுரிவோர் 100 பேர் 15 வெள்ளி வரை தருவர். மாணவர் 60 பேர் 8 வெள்ளி வரை தருவர். ஒரே விலை என்றால், 15 வெள்ளிக்கு விற்று 1,500 பெறலாம். 8 வெள்ளிக்கு விற்றால் 1,280தான். எனவே உரிமையாளர் 15 என்பார். மாணவர் வெளியே நிற்பர். இரு விலை வைத்தால் 1,980 கிடைக்கும். மாணவரும் படம் பார்ப்பர். இங்கே அது மெய்யான சலுகை.

மாணவர் 100 பேர் என்றால் கணக்கு மாறும். 8 வெள்ளி என்ற ஒரே விலையே 1,600 தரும், அதுவே ஆதாயம். இப்போது இரு விலை வைத்தால் மாணவர் முன்போலவே 8 வெள்ளி தருவர். பணிபுரிவோர் 7 வெள்ளி கூடுதலாகத் தருவர். புதிதாக ஒருவரும் உள்ளே வரவில்லை. பலகையில் எழுதப்பட்டிருப்பது 'மாணவர்ச் சலுகை'. நடந்திருப்பதோ ஏனையோர்க்கு விலையேற்றம்.

சனிக்கிழமை மாலையில் முழு விலை தருவோரால் அரங்கு நிறையுமானால், மாணவர்க்குத் தரும் ஒவ்வோர் இருக்கையும் 7 வெள்ளி இழப்பாகும். பல அரங்குகள் சலுகையை வார நாட்களோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

ஆகவே, சலுகை என்ற சொல்லைக் காணும்போது ஒன்று கேளுங்கள்: இது இல்லாவிடில் அனைவர்க்கும் வைக்கப்படும் ஒரே விலை எதுவாக இருக்கும்? அச்சொல் பொருந்துமா என்பதை அவ்விடையே சொல்லும்.